பகுதிநேர வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கல்லூரி நேரத்தையும் சனி ஞாயிறையும் எப்படி எழுதுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபார்ம்ல ‘வர முடிந்த நேரம்’னு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கு. டைம்டேபிளை அப்படியே போட்டோ எடுத்து வச்சிடலாமா?

வைக்கலாம், ஆனால் யாரும் படிக்கப் போவதில்லை. தி.நகரிலோ புரசைவாக்கத்திலோ ஒரு துணிக்கடை, சூப்பர் மார்க்கெட் என்றால் உங்கள் ஃபார்ம் கடைசியில் போய் நிற்கும் இடம் ஃப்ளோர் இன்சார்ஜின் மேசை. அவர் முன்னால் ரோஸ்டர் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைதான் கூட்டம் அள்ளும் என்பதால் முழுநேர ஆட்களுக்கு வார விடுமுறையைப் பெரும்பாலும் வார நாட்களில் மாற்றி மாற்றித்தான் கொடுப்பார்கள். அப்படி ஆள் குறையும் மாலைகளில் ஐந்து மணியிலிருந்து ஒன்பது மணி வரை யார் நிற்பது, ஞாயிறு அன்று கூடுதலாக யார் வருவது, இந்த இரண்டு ஓட்டைகளை அடைக்கத்தான் அவர் பகுதிநேர ஆளையே தேடுகிறார். உங்களுக்கு மூன்றாவது பீரியட் காஸ்ட் அக்கவுண்டிங் என்பது அவருக்கு எதற்கு?

டைம்டேபிள் சொல்வது நீங்கள் எப்போது வர முடியாது என்பதை. அவருக்கு வேண்டியது அதன் மறுபக்கம். அதனால் அந்தக் கட்டத்தில் கிழமை, எத்தனை மணியிலிருந்து, எத்தனை மணி வரை, இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள். ‘மாலை நேரம் ஃப்ரீ’, ‘கல்லூரி முடிந்ததும்’ என்று எழுதினால் அவர் போன் செய்து கேட்க வேண்டும், கட்டாக ஃபார்ம் கிடக்கும்போது யாரும் போன் செய்ய மாட்டார்கள்.

இன்னொன்று, சென்னையில் நிறைய கலை அறிவியல் கல்லூரிகள் காலை ஒன்று, மதியம் ஒன்று என்று இரண்டு ஷிஃப்ட்டில் நடக்கின்றன. ‘நான் முதல் ஷிஃப்ட்’ என்று நீங்கள் எழுதினால், காலை டூட்டிக்கு வருகிறேன் என்கிறான் என்று கடைக்காரர் எடுத்துக்கொள்வார். ‘கல்லூரி காலை 8.30 முதல் 1.30 வரை’ என்று மணியைப் போட்டுவிடுங்கள்.

எங்க காலேஜ்ல டே ஆர்டர். எந்தக் கிழமை எந்த கிளாஸ்னே சொல்ல முடியாது. நான் என்ன எழுதுறது?

பாதி விண்ணப்பங்கள் கோட்டை விடுவது இங்கேதான். ஆறு நாள் டே ஆர்டரில் டைம்டேபிள் கிழமையோடு ஒட்டாது, கல்லூரி நடக்கும் நாட்களோடு மட்டும் நகரும். நடுவில் ஒரு விடுமுறை வந்தால் வரிசை அங்கேயே நின்று மறுநாள் தொடரும். கல்லூரிக்குள் எல்லோருக்கும் பழக்கமான இந்த விஷயம் வெளியே யாருக்கும் தெரியாது, ‘டே ஆர்டர் 2, 5 தவிர மற்ற நாட்கள் வர முடியும்’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

ஒரு உதாரணத்தை முழுசாகப் போட்டுப் பார்ப்போம். பி.காம். படிக்கும் ஒரு மாணவர். கல்லூரி நுங்கம்பாக்கத்தில், காலை 8.30 முதல் 1.30 வரை. டே ஆர்டர் 2-லும் 5-லும் மட்டும் கம்ப்யூட்டர் லேப் மாலை 4 மணி வரை இழுக்கும். வீடு குரோம்பேட்டை, கேட்கும் வேலை தி.நகர் கடையில். திங்கள் டே ஆர்டர் 1, புதன் அரசு விடுமுறை, சனிக்கிழமை கல்லூரி கிடையாது என்று வைத்துக்கொண்டால், முதல் வாரம் லேப் செவ்வாயில் வரும். வியாழன் 3, வெள்ளி 4. அடுத்த திங்கள் 5, ஆகவே லேப். செவ்வாய் 6, புதன் 1, வியாழன் 2, மறுபடி லேப். மூன்றாவது வாரம் பார்த்தால் செவ்வாயும் வெள்ளியும் லேப். மூன்று வாரத்துக்குள் திங்கள், செவ்வாய், வியாழன், வெள்ளி என்று நான்கு கிழமையிலும் லேப் வந்துவிட்டது. ‘செவ்வாய்தோறும் மதியம் 2.30-க்கு வருவேன்’ என்று இவர் எழுதியிருந்தால் முதல் வாரமே வாக்கு தவறியிருப்பார்.

வழி என்னவென்றால், ஆறு டே ஆர்டரிலும் மிகத் தாமதமாக முடியும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில்கூட எத்தனை மணிக்கு வர முடியுமோ அதையே எல்லாக் கிழமைக்கும் பொதுவாக எழுதுங்கள். அந்த நேரம் எந்த விடுமுறை வந்தாலும் பொய்யாகாது. மற்ற நாட்களில் சீக்கிரம் வர முடிவது உங்கள் கையில் இருக்கும் கூடுதல் சரக்கு, அதைத் தனி வரியில் சொல்லலாம். டே ஆர்டர் வைத்திருக்கும் கல்லூரிகள் ஆண்டு ஆரம்பத்தில் தரும் கையேட்டிலோ காலண்டரிலோ ஒவ்வொரு தேதிக்கும் எதிரே டே ஆர்டர் எண் இருக்கும். அதைப் பார்த்து ஒவ்வொரு மாதமும் 25-ஆம் தேதி வாக்கில் அடுத்த மாதத்தில் சீக்கிரம் வர முடிந்த தேதிகளை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன் என்று எழுதிப் பாருங்கள், ரோஸ்டர் போடுகிறவருக்கு அது தேன் மாதிரி. ஆனால் திடீர் மழை விடுமுறை ஒன்று வந்தால் சில கல்லூரிகள் டே ஆர்டரை மாற்றி அறிவிப்பார்கள், அப்போது புதுப் பட்டியலையும் அனுப்ப வேண்டும்.

லேப் 4 மணிக்கு முடியும். அப்போ ‘4 மணி முதல்’னு எழுதலாமா?

கூடாது. எழுத வேண்டியது கடைக்குள் யூனிஃபார்ம் போட்டு நிற்கும் நேரம். நம் குரோம்பேட்டை மாணவருக்கு இது வசதியான ரூட். நுங்கம்பாக்கத்தில் ரயில் ஏறினால் கோடம்பாக்கம், அடுத்தது மாம்பலம், இறங்கினால் ரங்கநாதன் தெரு. ரயிலில் சில நிமிடம்தான். ஆனால் லேப் ரெக்கார்டில் கையெழுத்து வாங்கி வெளியே வருவது, ஸ்டேஷனுக்கு நடப்பது, வண்டிக்குக் காத்திருப்பது, ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் நீந்துவது, ஒரு டீ குடிப்பது எல்லாம் சேர்த்தால் 4.45 ஆகிவிடும். 5 மணி என்று எழுதுங்கள். 4.30 என்று எழுதி தினமும் கால் மணி நேரம் தாமதமாக வருகிறவரை விட, 5 என்று எழுதி 4.50-க்கு வந்து நிற்கிறவரைத்தான் இன்சார்ஜுக்குப் பிடிக்கும். சில கடைகளில் பயோமெட்ரிக்கில் தாமதம் பதிந்தால் சம்பளத்திலும் கை வைப்பார்கள்.

முடியும் நேரத்துக்கும் இதே கணக்குதான், ஆனால் பின்னாலிருந்து போட வேண்டும். மறுநாள் 8.30 வகுப்பு என்றால் வீட்டிலிருந்து ஏழு ஏழேகாலுக்குக் கிளம்ப வேண்டும். கடை 9.30-க்கோ 10-க்கோ ஷட்டர் இறக்கினாலும் துணி மடித்து அடுக்கி, கவுண்டர் கணக்கு முடித்து வெளியே விட இன்னும் அரை மணி ஆகலாம். ‘கடை மூடும் வரை’ என்று எழுதினால் அந்த அரை மணியும் உங்கள் தலையில்தான். ‘இரவு 9 மணி வரை’ என்று முடித்துவிடுங்கள். ஒன்பது மணிக்கு மாம்பலத்தில் ஏறினால் பத்துக்குள் வீடு.

சனி ஞாயிறு ரெண்டு நாளும் முழுசா ஃப்ரீன்னு போட்டாதான் வேலை கிடைக்கும்னு சீனியர்ஸ் சொல்றாங்க. உண்மையா?

பாதி உண்மை. ஞாயிறு இல்லாமல் தி.நகரில் பகுதிநேர வேலை கேட்பது கஷ்டம்தான், அதனால் ஞாயிறு முழு நாளை உறுதியாகக் கொடுங்கள். ஆனால் சனிக்கிழமையை அப்படி வாரி வழங்கிவிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் கலெக்டர் விடுமுறை விட்ட நாட்களை ஈடுகட்டப் பல கல்லூரிகள் சனிக்கிழமை வகுப்பு வைப்பார்கள். அது நவம்பர், டிசம்பரில் அடுத்தடுத்து வரும், முன்கூட்டி எந்தக் காலண்டரிலும் இருக்காது. ஜூலையில் வேலைக்குச் சேரும்போது ‘எல்லாச் சனியும் முழு நாள்’ என்று எழுதியவர் நவம்பரில் தொடர்ந்து மூன்று சனி லீவு கேட்டு நிற்பார்.

சனிக்கிழமையை இரண்டாக உடையுங்கள். மாலை 5 முதல் 9 எப்படியும் வருவேன், கல்லூரி இருந்தாலும் சரி. காலையிலிருந்து வருவது கல்லூரி இல்லாத சனிகளில் மட்டும், அதை முந்தைய வியாழனுக்குள் சொல்லிவிடுவேன். இப்படி எழுதினால் குறைவாகத் தெரியும் என்று பயப்பட வேண்டாம். இன்சார்ஜ் முதலில் பார்ப்பது எதை நம்பி பெயரை எழுதலாம் என்பதைத்தான்.

எழுதுவதற்கு முன் உங்கள் ஞாயிற்றையும் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். என்.சி.சி.யில் இருந்தால் பரேடு எந்த நாள் காலை? என்.எஸ்.எஸ். என்றால் ஏழு நாள் சிறப்பு முகாம் ஒன்று உண்டு, அது எந்த மாதம்? காலையில் சர்ச்சுக்குப் போகிறவர் ‘ஞாயிறு 11 முதல்’ என்று நேராக எழுதிவிடலாம், கூட்டம் எப்படியும் மதியத்துக்கு மேல்தான் ஏறும். முகூர்த்த நாள் கல்யாணங்களை ஃபார்மில் எழுத வேண்டாம். வரும்போது ஒரு வாரம் முன்னால் சொன்னால் போதும்.

ஞாயிறு காலை 10 முதல் இரவு 10 வரை என்றும் எழுதாதீர்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்படி சாதாரணமாக ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. பன்னிரண்டு மணி நேரத்தை நீங்களே எழுதிக் கொடுத்தால், நீயாகத்தானே எழுதினாய் என்பார்கள். 10 முதல் 7 வரை, நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை, அதுவே 8 மணி நேரம்.

வாரத்துக்கு மொத்தம் எத்தனை மணி நேரம்னு கேட்டா என்ன சொல்ல?

வர முடிந்த நேரமும் வேலை செய்ய விரும்பும் நேரமும் வேறு வேறு. நம் மாணவர் திங்கள் முதல் சனி வரை எல்லா மாலையும் வர முடிந்தவர்தான். ஆறு மாலை, தலா 4 மணி, அதுவே 24. ஞாயிறு 8 சேர்த்தால் 32. அதைச் செய்துகொண்டு அசைன்மென்ட் எழுத நேரமே இருக்காது. அதனால் ‘இந்த ஆறு மாலைகளில் ஏதாவது மூன்று, அதோடு ஞாயிறு, வாரத்துக்கு மொத்தம் 20 மணி நேரம்’ என்று உச்சவரம்பையும் சேர்த்து எழுத வேண்டும். எந்த மூன்று என்று அவர்களே முடிவு செய்யட்டும், யாருக்கு என்றைக்கு விடுமுறை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். கிழமையை அவர்களிடம் விட்டு மணிக்கணக்கை உங்களிடம் வைத்துக்கொள்வது, என் அனுபவத்தில், இரண்டு பக்கமும் சண்டை வராத ஏற்பாடு.

தீபாவளி சீசன்லதான் ஆள் எடுக்குறாங்க. ஆனா எனக்கு அப்போ செமஸ்டர். இதை முன்னாடியே சொன்னா வேலை போயிடாதா?

தீபாவளி ஒரே தேதியில் வருவதில்லை. 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20, 2026-இல் நவம்பர் 8. செமஸ்டர் தேர்வோ பெரும்பாலும் அக்டோபர் கடைசியில் பிராக்டிகலோடு தொடங்கி நவம்பரில் தியரிக்குப் போகும். தீபாவளி அக்டோபர் நடுவில் வரும் ஆண்டுகளில் சீசன் முடிந்தபின் தேர்வு, பிரச்சினை இல்லை. நவம்பரில் வரும் ஆண்டுகளில் கடைக்கு மிக அதிகமாக ஆள் தேவைப்படும் வாரமும் உங்கள் தேர்வும் ஒன்றோடொன்று மோதும். விண்ணப்பிக்கும் ஆண்டில் எது என்று முதலில் காலண்டரைப் பாருங்கள்.

மோதுகிறது என்றால் மறைக்க வேண்டாம். ஆனால் ‘தேர்வு நேரத்தில் வர முடியாது’ என்று மொட்டையாகவும் எழுத வேண்டாம், அதைப் படிக்கிறவர் ஒரு மாதமே காணாமல் போவீர்கள் என்று நினைப்பார். தேதி வரம்பைக் கொடுத்து, அந்த நாட்களில் எவ்வளவு குறையும் என்று சொல்லுங்கள். ‘தேர்வு நடக்கும் வாரங்களில் வார நாட்களில் வர இயலாது, ஞாயிறு மட்டும் 2 முதல் 9 வரை வருவேன். அதற்கு முந்தைய மூன்று வாரமும் வாரத்துக்கு ஐந்து மாலை வரை வர முடியும்.’ கடைசி நாளில் ஒருவர் குறைவதை அவர்களால் சமாளிக்க முடியும், முன்பே தெரிந்தால். தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு தெரிந்தால்தான் கோபம் வரும்.

டைம்டேபிளே வராத நிலையில், ‘சரியான தேதிகள் ஹால் டிக்கெட் வந்த அன்றே தருகிறேன்’ என்று ஒரு வரி போதும். ஆடித் தள்ளுபடிக்கும் பொங்கலுக்கும் இந்தத் தலைவலி அவ்வளவாக இல்லை. ஆடியில் செமஸ்டர் ஆரம்பம், பொங்கலும் அடுத்த செமஸ்டரின் தொடக்கத்தில்தான் வரும்.

இன்டர்னல் டெஸ்ட் தேதியையும் எழுதணுமா?

விண்ணப்பத்தில் வேண்டாம். நிறைய கல்லூரிகளில் அது ஒரு மணி, இரண்டு மணித் தேர்வு, வகுப்பு நேரத்திலேயே முடிந்துவிடும். மாடல் எக்ஸாம் முழு நாள் போகுமென்றால் சேர்ந்தபின் சொல்லலாம். அரியர் பேப்பர் இருந்தால் மட்டும் கவனம், அதன் தேதி ரெகுலர் பேப்பர்களுக்கு நடுவில் வந்து உங்கள் தேர்வுக் காலத்தை நீட்டிவிடும். அதைத் தேதி வரம்பில் சேர்த்துக்கொள்ளுங்கள், காரணம் எழுத வேண்டியதில்லை.

நான் மதிய ஷிஃப்ட் காலேஜ். காலையில மட்டும்தான் ஃப்ரீ. எனக்கு யாராவது வேலை தருவாங்களா?

துணிக்கடையில் கஷ்டம், காலையில் அங்கே ஈ ஓட்டுவார்கள். பேக்கரி, காய்கறிக் கடை, காலை டிபன் ஓட்டல், சரக்கு இறங்கும் சூப்பர் மார்க்கெட் இவற்றுக்குப் போடுங்கள். 7 முதல் 11.30 வரை என்று எழுதினால் அங்கே மதிப்பு அதிகம். சரக்கு இறக்கி, விலை ஸ்டிக்கர் ஒட்டி ரேக்கில் அடுக்குவது எல்லாம் கூட்டம் வருவதற்கு முன்புதானே நடக்கும். உங்கள் கணக்கில் கவனிக்க வேண்டியது முடியும் நேரம், குளித்துச் சாப்பிட்டு வகுப்புக்குப் போகும் இடைவெளியை விட்டு எழுதுங்கள்.

லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கேன். கேட் டைம் இருக்கு. இதை எழுதினா சாக்கு மாதிரி தெரியாதா?

தெரியாது, ‘மாலை 7.15 வரை’ என்று நேரமாக எழுதிவிட்டால் விளக்கமே வேண்டாம். 8 மணிக்குள் கேட் என்றால் பஸ் நேரத்தைக் கழித்து எழுதுங்கள். கொஞ்ச நேரம் நீட்டிக்க வார்டன் அனுமதி தருவார் என்றால், அனுமதி கையில் வந்தபின் எழுதுங்கள், ‘கேட்டுப் பார்க்கிறேன்’ என்பது ரோஸ்டரில் ஏறாது. ஹாஸ்டல் இல்லாதவர்களுக்கும் ஒரு விஷயம்: தமிழ்நாட்டில் கடைகளை 24 மணி நேரமும் திறக்க அனுமதித்த அரசாணையிலேயே, பெண் ஊழியர்களைச் சாதாரணமாக இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதற்கு மேல் என்றால் அவர்களுடைய எழுத்துப்பூர்வ சம்மதமும் பாதுகாப்பும் வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. ஃபார்மில் ‘9 மணி வரை’ என்று எழுதுவதற்கு முன் அதை யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, எல்லாம் சேர்த்து ஃபார்ம்ல எப்படி இருக்கும்? ஒரு மாதிரி கொடுங்க.

நம் குரோம்பேட்டை மாணவருடையது இது.

> திங்கள் முதல் சனி வரை: மாலை 5.00 – இரவு 9.00 (இவற்றில் ஏதாவது மூன்று நாட்கள், உறுதி)
> ஞாயிறு: காலை 10.00 – மாலை 7.00 (உறுதி)
> கல்லூரி இல்லாத சனிக்கிழமை: காலை 10.00 முதல் வர முடியும், வியாழனுக்குள் தெரிவிப்பேன். அந்த வாரம் ஒரு மாலை குறைத்துக்கொள்ளலாம்.
> வாரத்துக்கு மொத்தம்: 20 மணி நேரம். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்கள் 28 வரை.
> மதியம் 2.30 முதல் வர முடிந்த தேதிகளை ஒவ்வொரு மாதமும் 25-ஆம் தேதிக்குள் அனுப்புவேன்.
> செமஸ்டர் தேர்வு வாரங்கள் (நவம்பர், ஏப்ரல்): ஞாயிறு 2.00 – 9.00 மட்டும். தேதிகள் ஹால் டிக்கெட் வந்ததும் தருவேன்.
> இந்த நேரங்கள் நடப்பு செமஸ்டருக்கு. அடுத்த செமஸ்டர் டைம்டேபிள் வந்த வாரமே புதுப்பித்துத் தருவேன்.

கட்டம் சின்னதாக இருந்தால் முதல் இரண்டு வரியையும் மொத்த மணி நேரத்தையும் மட்டும் அதில் எழுதி, மீதியைத் தனித்தாளில் பின் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால் இதையே செய்தியாக அனுப்புங்கள், பி.டி.எஃப். வேண்டாம், திறக்க மாட்டார்கள். அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள். டிசம்பரில் புது டைம்டேபிள் வந்து லேப் ஐந்து மணிக்கு மாறிவிட்டால் பேசுவதற்கு அதுதான் பிடி.

சேர்ந்தப்புறம் எழுதினதைவிட சீக்கிரம் வரச் சொன்னா?

எப்போதாவது ஒருநாள் என்றால் போங்கள், முடிந்தால். அதுவே வழக்கமாகி லேப்பை விட வேண்டிய நிலை வந்தால், கணக்கைப் பாருங்கள். பல்கலைக்கழகத் தேர்வு எழுதப் பொதுவாக 75 சதவீத வருகை வேண்டும். அதற்குக் கீழே கொஞ்சம் இறங்கினால் அபராதம் கட்டி எழுத விடுவார்கள், ரொம்ப இறங்கினால் விடமாட்டார்கள். இன்சார்ஜிடம் சட்டம் பேசாமல், கொடுத்த தாளின் நகலைக் காட்டி ‘சார், இந்த மாசம் 2.30-க்கு வரக்கூடிய தேதி இதெல்லாம், இதுல எந்த நாள் வேணும்னாலும் போடுங்க’ என்று மாற்று நாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அதற்காகத்தான் ஃபார்ம் கொடுக்கும் முன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வது.

டைம்டேபிள் நகலைக் கண்டிப்பா குடுன்னு கேக்குறாங்க. குடுக்கலாமா?

கொடுங்கள், சில இடங்களில் நீங்கள் உண்மையிலேயே படிக்கிறீர்களா என்று பார்க்கத்தான் கேட்கிறார்கள். டைம்டேபிள் பக்கம், கல்லூரி ஐ.டி. கார்டு நகல், மிஞ்சிப்போனால் போனஃபைட் சான்றிதழ். நகலில் 2-க்கும் 5-க்கும் எதிரே பேனாவால் ‘லேப், 4 மணி வரை’ என்று எழுதி, மேலே ‘1 முதல் 6 வரை கிழமை அல்ல, கல்லூரி வேலை நாள் வரிசை’ என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் 1 என்பதைத் திங்கள் என்றே படிப்பார்கள். அசல் சான்றிதழ் எதையும் கொடுத்து வைக்க வேண்டாம்.